லீட் வந்த நேரத்தையும் கால் பதிவையும் ஜாயின் செய்து பார்த்தால்: சீக்கிரம் அழைத்தால் 4 மடங்கு விற்பனை என்பது உண்மையா?

மதுமிதா

வணக்கம். நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் ஒரு குழுவில் சேல்ஸ் டேட்டாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இணையதளத்தில் வரும் லீடுகள் சிஆர்எம்மில் சேர்கின்றன. ஏஜென்ட்டுகள் பேசிய கால்களின் பதிவு டயலரில் தனியாக இருக்கிறது. போன் எண்ணை வைத்து இரண்டையும் ஜாயின் செய்தேன். லீட் வந்ததிலிருந்து முதல் கால் போகும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று பிரித்தபோது வந்தது இது. ஒரு காலாண்டின் 2,400 லீடுகள், எண்களைக் கொஞ்சம் வட்டமாக்கியிருக்கிறேன்.

| முதல் கால் போன நேரம் | லீடுகள் | விற்பனை | விகிதம் |
|---|---|---|---|
| 5 நிமிடத்துக்குள் | 400 | 48 | 12% |
| 5 முதல் 30 நிமிடம் | 600 | 54 | 9% |
| 30 நிமிடம் முதல் 4 மணி | 600 | 36 | 6% |
| 4 மணி நேரத்துக்கு மேல் | 500 | 15 | 3% |
| கால் போகவே இல்லை | 300 | 3 | 1% |

மேலாளர் இதைப் பார்த்ததும், "எல்லா லீடுக்கும் 5 நிமிடத்தில் கால் போக வேண்டும், விற்பனை 4 மடங்காகும்" என்று முடிவுக்கு வந்துவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து ஏஜென்ட்டுகளின் ஊக்கத்தொகையையே இதோடு இணைக்கப் போகிறார். எனக்கு இது அவ்வளவு நேரடியாகத் தெரியவில்லை. ஆனால் எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. இந்த டேபிளில் எதை நம்பலாம்?

பாலமுருகன்

தாராளமாக நம்பலாம். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். 2011-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வந்த கட்டுரை 12.5 லட்சம் லீடுகளை வைத்து இதைக் காட்டிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் முயன்ற நிறுவனங்களுக்கு, அதற்கு மேலும் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிடக் கிட்டத்தட்ட 7 மடங்கு வாய்ப்பு. ஒரு நாள் கழித்து அழைத்தவர்களோடு ஒப்பிட்டால் 60 மடங்குக்கும் மேல். அதைப் பார்த்தால் உங்கள் 4 மடங்கு குறைச்சல்தான். படிவத்தை நிரப்பிய ஆள் இன்னும் திரை முன்னால்தான் உட்கார்ந்திருப்பார், அப்போதே பிடித்துவிட வேண்டும். மேலாளர் சொல்வது சரி.

அப்புறம், கால் போகாத அந்த 300 லீடை டேபிளிலிருந்து எடுத்துவிடுங்கள். இடைவெளியே இல்லாதவை, குழப்பம்தான் மிஞ்சும்.

எழிலன்

பாலமுருகன் சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்தக் கட்டுரை அளந்தது விற்பனையை அல்ல. முடிவெடுக்கும் ஒருவரோடு உருப்படியாக ஒரு பேச்சு நடந்ததா என்பதைத்தான் அளந்தார்கள். மதுமிதாவின் கேள்வி விற்பனையைப் பற்றியது. ஆளைப் பிடிப்பது ஒன்று, பிடித்த ஆள் வாங்குவது வேறொன்று. இந்த வித்தியாசம்தான் கடைசியில் பெரிதாகப் போகிறது, பிறகு வருகிறேன்.

அந்த 300-ஐ எடுக்கவே கூடாது மதுமிதா. கால் போகாததற்கும் ஒரு காரணம் இருக்கும். தவறான எண்ணாக இருக்கலாம், ஏற்கெனவே வாடிக்கையாளராக இருக்கலாம், ஒரே ஆள் இரண்டு முறை படிவம் நிரப்பியிருக்கலாம். அதைவிட, கால் போகாமலே 3 விற்பனை ஆகியிருக்கிறதே, அது எப்படி? பெரும்பாலும் அவர்களே உங்களை அழைத்திருப்பார்கள். வெளியே போகும் கால்களை மட்டும் தேடினால், மிகவும் ஆர்வமான அந்த ஆட்கள் "கால் போகவில்லை" என்ற வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஜாயினை எப்படி எழுதினீர்கள் என்று காட்டுங்கள். நான் எழுதினால் போஸ்ட்கிரஸில் இப்படி இருக்கும்:

```sql
SELECT l.lead_id, l.source, l.created_at,
       c.started_at AS first_call,
       EXTRACT(EPOCH FROM c.started_at - l.created_at) / 60 AS gap_min
FROM leads l
LEFT JOIN LATERAL (
  SELECT started_at FROM calls
  WHERE phone_key = l.phone_key
    AND direction = 'out'
    AND started_at >= l.created_at
  ORDER BY started_at
  LIMIT 1
) c ON true;
```

ஒரு லீடுக்கு ஆறு கால் போயிருந்தாலும் ஒரு வரிதான் வரும். கால் போகாத லீடும் காலியான `gap_min`-உடன் நிற்கும். சாதாரண `JOIN` போட்டால் அந்த 300-உம் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். ஆறு முறை அழைத்த லீட் ஆறு வரியாகி, விற்பனையும் ஆறு மடங்காகத் தெரியும்.

ஒன்று மட்டும். முதல் தடவை ஓட்டும்போது `started_at >= l.created_at` என்ற வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். லீட் வருவதற்கு முன்பே கால் போனதாக நிறைய வந்தால், சிஆர்எம் உள்ளூர் நேரத்திலும் டயலர் யூடிசி நேரத்திலும் எழுதுகின்றன என்று அர்த்தம். அந்த வரியைப் போட்டுவிட்டால் இந்தத் தவறு கண்ணிலேயே படாது. உண்மையில் 3 நிமிடத்தில் போன முதல் காலை விட்டுவிட்டு, மறுநாள் போன இரண்டாவது காலை முதல் கால் என்று எடுத்துக்கொள்ளும்.

தேன்மொழி

எங்கள் அலுவலகத்தில் படிவம் நிரப்பிய உடனே தானாக ஒரு மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் போகும்படி வைத்திருக்கிறோம். 5 விநாடிகூட ஆகாது. அப்படிச் செய்தால் இந்த ஏஜென்ட் பிரச்சினையே இருக்காதே? எந்த டயலர் நல்லது என்றும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

எழிலன்

தேன்மொழி, அது வேறு கேள்வி. தானாகப் போகும் செய்தி எல்லா லீடுக்கும் ஒரே வேகத்தில் போகிறது. அதனால் வேகம் எதையாவது மாற்றுகிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இங்கே பார்ப்பது மனிதர் பேசும் முதல் கால். ஆனால் நீங்கள் சொன்னதில் மதுமிதாவுக்கு ஒரு விஷயம் இருக்கிறது. சில சிஆர்எம்களில் தானாகப் போன செய்தியும் "முதல் தொடர்பு" என்று பதிவாகும். அந்த நேரத்தை எடுத்திருந்தால் எல்லா லீடும் 5 நிமிடத்துக்குள் விழுந்துவிடும்.

நிர்மலா

எங்கள் டேட்டாவில் இதற்கு நேர்தலைகீழாக வந்தது, அதனால்தான் எழுதுகிறேன். 5 நிமிடத்துக்குள் அழைத்த லீடுகள்தான் மிக மோசம். 5 முதல் 30 நிமிடம் வரை உள்ளவை அமோகம். "கொஞ்சம் பொறுத்து அழைத்தால் நல்லது போலிருக்கிறது" என்று ஒரு கூட்டத்தில் பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

காரணம் கடைசியில் டேபிளின் ஒரு பத்தியில் இருந்தது. டயலரிலிருந்து எங்களுக்கு வந்தது `call_time` என்ற ஒரே நேரம். அது கால் தொடங்கிய நேரம் இல்லை, பேசி முடித்து ஏஜென்ட் அந்தக் காலின் முடிவைத் தேர்ந்தெடுத்துச் சேமித்த நேரம். போனை யாரும் எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடத்தில் சேமித்துவிடுவார்கள். வாங்கும் எண்ணத்தில் இருப்பவரோடு 20 நிமிடம் பேசி, குறிப்பும் எழுதிவிட்டுச் சேமித்தால் 25 நிமிடம் கழித்துத்தான் பதிவாகும். அதாவது 2-ஆவது நிமிடத்தில் அழைத்த நல்ல லீடுகள் எல்லாம் 5 முதல் 30 வரை உள்ள கட்டத்துக்கு நகர்ந்துவிட்டன. 5 நிமிடக் கட்டத்தில் மிஞ்சியவை போனை எடுக்காதவை மட்டும்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். பேசிய நிமிடங்கள் கூடக் கூட, லீட் வந்ததிலிருந்து ஆன இடைவெளியும் அதே அளவு கூடிக்கொண்டே போனால், நீங்கள் பார்ப்பது கால் முடிந்த நேரம்.

மதுமிதா

எல்லாவற்றையும் சரிபார்த்தேன். எங்கள் டயலரில் `started_at`, `saved_at` என்று இரண்டு இருக்கின்றன. நான் எடுத்தது `started_at`. நேர மண்டலமும் சரி, லீடுக்கு முந்தைய கால்கள் மிகக் குறைவு. அவையும் பழைய வாடிக்கையாளர்களுக்குப் போனவை. எழிலன் சார் சொன்னபடி அந்த 3 விற்பனையும் அவர்களே எங்களை அழைத்தவைதான்.

ஒரே ஒரு இடம் உறுத்துகிறது. ஒரு சிறிய பகுதி லீடுகளின் `created_at` சரியாக மணி அடிக்கும் நேரத்தில் இருக்கிறது: 10:00:02, 11:00:02 என்று.

எழிலன்

அவை வேறொரு இடத்திலிருந்து மணிக்கு ஒரு முறை மொத்தமாக உள்ளே கொண்டுவரப்படும் லீடுகள். ஆள் படிவம் நிரப்பியது 10:05-ஆக இருக்கலாம், சிஆர்எம் அதை 11:00 என்று எழுதும். அப்போது "2 நிமிடத்தில் அழைத்தோம்" என்று தெரிவது உண்மையில் 57 நிமிடம். மூலத்தில் படிவ நேரம் கிடைத்தால் அதை எடுங்கள், கிடைக்காவிட்டால் இந்தக் கேள்விக்கு மட்டும் அந்த லீடுகளைத் தனியே வையுங்கள்.

சரி, கடிகாரங்கள் ஒழுங்கானால் இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். உங்கள் ஏஜென்ட்டுகள் அடுத்து யாரை அழைப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? டயலரே வரிசையாகக் கொடுக்கிறதா, அவர்களே பட்டியலிலிருந்து எடுக்கிறார்களா?

மதுமிதா

அவர்களே எடுக்கிறார்கள். பட்டியலில் லீட் எங்கிருந்து வந்தது, நிறுவனத்தின் பெயர், ஆள் எழுதிய குறிப்பு எல்லாம் தெரியும். லீடுகள் இரண்டு வகை. விலை கேட்டுப் படிவம் நிரப்பியவர்கள் ஒன்று, விளக்கக் கையேட்டைத் தரவிறக்க எண்ணைக் கொடுத்தவர்கள் இன்னொன்று.

எழிலன்

அங்கேதான் இடிக்கிறது. விலை கேட்டவரையும் கையேடு இறக்கியவரையும் ஒரே பட்டியலில் காட்டினால் எந்த ஏஜென்ட்டும் விலை கேட்டவரைத்தான் முதலில் அழைப்பார். அது அவர் அனுபவம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதனால் 5 நிமிடக் கட்டத்தில் வாங்கப் போகிறவர்கள் குவிகிறார்கள், 4 மணி நேரக் கட்டத்தில் மற்றவர்கள் தேங்குகிறார்கள். உங்கள் டேபிள் வேகத்தை மட்டும் காட்டவில்லை. ஏஜென்ட் யாரை நல்ல லீட் என்று நினைத்தார் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. இரண்டு வகையையும் தனித்தனியே பிரித்துப் போடுங்கள்.

மதுமிதா

பிரித்துவிட்டேன். மொத்தமாகக் கொண்டுவரப்படும் லீடுகள் எல்லாமே கையேடு வகைதான், அதனால் விலை கேட்டவர்களின் பத்தியை நம்பலாம். அவற்றின் படிவ நேரம் இன்னும் கைக்கு வரவில்லை, கையேடு பத்தியை அந்த எச்சரிக்கையோடு பாருங்கள்.

| முதல் கால் | விலை கேட்டவர்கள் | கையேடு இறக்கியவர்கள் |
|---|---|---|
| 5 நிமிடத்துக்குள் | 320-இல் 45 (14%) | 80-இல் 3 (3.8%) |
| 5 முதல் 30 நிமிடம் | 360-இல் 46 (12.8%) | 240-இல் 8 (3.3%) |
| 30 நிமிடம் முதல் 4 மணி | 240-இல் 26 (10.8%) | 360-இல் 10 (2.8%) |
| 4 மணி நேரத்துக்கு மேல் | 80-இல் 6 (7.5%) | 420-இல் 9 (2.1%) |

முதல் வரியில் 320-க்கு 80, கடைசி வரியில் 80-க்கு 420! மொத்தமாகப் பார்த்தபோது 12-லிருந்து 3-க்கு இறங்கியது. ஒரே வகைக்குள் பார்த்தால் 14-லிருந்து 7.5 வரைதான். 4 மடங்கு என்று சொன்னது 2 மடங்குக்கும் குறைவாகிவிட்டது.

பாலமுருகன்

அப்படியென்றாலும் வேகம் வேலை செய்கிறது என்றுதானே இந்த டேபிளும் சொல்கிறது? இரண்டு பத்தியிலும் எண் மேலிருந்து கீழே இறங்கத்தானே செய்கிறது. 2 மடங்கு கிடைத்தால்கூட எந்த மேலாளரும் விடமாட்டார்.

எழிலன்

இறங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் வகை ஒன்றைத்தான் நாம் பிரித்தோம். ஏஜென்ட் பார்ப்பது வகையை மட்டும் இல்லையே, ஆள் எழுதிய குறிப்பையும் நிறுவனத்தின் பெயரையும் பார்க்கிறார். "200 பேருக்கு உரிமம் வேண்டும், இந்த மாதமே" என்று எழுதியவரையும் ஒன்றுமே எழுதாதவரையும் நம் டேபிள் ஒன்றாகத்தான் பார்க்கிறது. இன்னும் எவ்வளவு கரையும் என்பது இதை வைத்துத் தெரியாது. கடைசி வரியில் 80 லீடுக்கு 6 விற்பனைதான் இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். ஓரிரண்டு விற்பனை முன்னே பின்னே போனால் 7.5 என்பது 5-ஆகவோ 10-ஆகவோ மாறிவிடும்.

மதுமிதா, விலை கேட்டவர்களை மட்டும் எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேரோடு ஒரு முறையாவது பேச முடிந்தது என்று பாருங்கள். ஏஜென்ட் "பேசினேன்" என்று குறித்ததை நம்ப வேண்டாம், குரலஞ்சலில் விழுந்ததையும் சிலர் அப்படிக் குறிப்பார்கள். எதிர்முனையில் எடுத்தபின் 30 விநாடிக்கு மேல் ஓடிய கால்களை எடுங்கள். அதுவும் முழுக்கச் சரியாக இருக்காது, ஆனால் ஆளுக்கு ஆள் மாறாது.

மதுமிதா

| முதல் கால் | லீடுகள் | பேச முடிந்தது | பேசியவர்களில் வாங்கியது |
|---|---|---|---|
| 5 நிமிடத்துக்குள் | 320 | 224 (70%) | 45 (20%) |
| 5 முதல் 30 நிமிடம் | 360 | 223 (62%) | 46 (21%) |
| 30 நிமிடம் முதல் 4 மணி | 240 | 130 (54%) | 26 (20%) |
| 4 மணி நேரத்துக்கு மேல் | 80 | 32 (40%) | 6 (19%) |

கடைசிப் பத்தி அசையவே இல்லை. பேசிவிட்டால் 5 நிமிடத்தில் அழைத்தவரும் வாங்குகிறார், மறுநாள் அழைத்தவரும் அதே அளவு வாங்குகிறார்.

எழிலன்

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் டேட்டாவில் சீக்கிரம் அழைப்பதால் யாருடைய மனமும் மாறியதாகத் தெரியவில்லை. மாறுவது, போனை எடுக்கிறாரா இல்லையா என்பது மட்டும்தான்.

இதில் இன்னொரு தகவலும் இருக்கிறது. ஏஜென்ட்டுகள் விலை கேட்டவர்களுக்குள்ளும் நல்லவர்களாகப் பொறுக்கி முதலில் அழைத்திருந்தால், பேசியவர்களில் வாங்கியவர்களின் விகிதம் மேல் வரிசைகளில் தூக்கலாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அதனால் இந்த வகைக்குள் பொறுக்குவது பெரிதாக இல்லை என்று ஓரளவு சொல்லலாம். ஓரளவுதான். தாமதமாக அழைத்தும் எடுத்தவர் பொறுமையாகக் காத்திருந்த, ஆர்வம் அதிகமுள்ள ஆளாக இருக்கலாம். அது இந்தப் பத்தியைத் தட்டையாக்கிக் காட்டும்.

சலீம்

நான் ஏஜென்ட் குழு ஒன்றை நடத்துகிறேன். டேட்டா ஆள் இல்லை. ஆனால் 5 நிமிட விதியை ஊக்கத்தொகையோடு கட்டினால் தளத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், முன்பு வேலை பார்த்த இடத்தில் அதைத்தான் செய்தார்கள்.

லீட் திரையில் வந்ததும் ஏஜென்ட் அழைப்பார், ஒரு ரிங் போகும், வைத்துவிடுவார். முதல் கால் 1 நிமிடத்தில் போனதாகப் பதிவாகும். பிறகு நேரம் கிடைக்கும்போது ஒழுங்காக அழைப்பார். வாடிக்கையாளர் பக்கம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால், ஒரு மணி நேரம் கழித்து அதே எண்ணிலிருந்து இன்னொன்று. இரண்டாவது முறை பலர் எடுப்பதே இல்லை, விளம்பரத் தொல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இடைவெளி எண் அழகாக இருந்தது, பேச முடிந்தவர்கள் எண்ணிக்கை குறைந்தது. நல்ல வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே புது லீட் வந்துவிட்டது என்று பேச்சை அவசரமாக முடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட்டுகள் கெட்டவர்கள் இல்லை, எதற்குப் பணம் தருகிறீர்களோ அதைத்தான் செய்வார்கள்.

மதுமிதா மேடம், விதி வரும் முன்பே உங்கள் மேலாளரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். வந்தபின் அந்த டேட்டாவை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நிர்மலா

சலீம் சொன்னது டேட்டாவில் தெரியும். ரிங் போன விநாடிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். சாதாரணமாக யாரும் எடுக்காத கால் 25, 30 விநாடி வரை ஓடும். 3, 4 விநாடியில் திடீரென்று ஒரு குவியல் எழுந்தால் அதுதான். முதல் காலாக எண்ண, குறைந்தது 15 விநாடியாவது ரிங் போயிருக்க வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். உடனே எடுத்துவிட்டவர்கள் இதில் அடிபடாதபடி, எடுக்காத கால்களுக்கு மட்டும் இந்த வரம்பு.

மதுமிதா

சலீம் சார், இது மிகவும் உதவியது. மேலாளரிடம் இப்போதே பேசுகிறேன். ஆனால் அவர் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: வேகத்தால் மட்டும் எவ்வளவு கூடும்? ஏஜென்ட் தேர்வு கலக்காமல் அதைப் பார்க்க வழி இருக்கிறதா? மாலை அலுவலகம் மூடும் முன் வந்த லீடையும் மூடியபின் வந்த லீடையும் ஒப்பிடலாம் என்று யோசித்தேன். 5:50-க்கு வந்தவருக்கு உடனே கால் போகும், 6:10-க்கு வந்தவருக்கு மறுநாள் காலையில்தான் போகும். இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள்தானே.

எழிலன்

நல்ல யோசனை, ஒரு ஓட்டை இருக்கிறது. 6:10-க்கு வந்தவரைக் காலை 9 மணிக்கு அழைக்கிறீர்கள், 5:50-க்கு வந்தவரை மாலையில் அழைக்கிறீர்கள். தாமதமும் மாறுகிறது, அழைக்கும் நேரமும் மாறுகிறது. காலையில் போனை எடுப்பதும் மாலையில் எடுப்பதும் ஒன்றில்லை. எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது.

அதைவிட, லீட் வந்த நொடியில் எத்தனை லீடுகள் அழைக்கப்படாமல் காத்திருந்தன என்று பாருங்கள். வரிசை காலியாக இருக்கும்போது வந்தவருக்கு உடனே கால் போகும். கூட்டமாக இருக்கும்போது வந்தவர் காத்திருப்பார், அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதால் அல்ல, அந்த நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டார் என்பதால். விலை கேட்டவர்களை மட்டும் எடுங்கள், வேலை நேரத்தில் வந்தவர்களை மட்டும். பிறகு உண்மையில் எத்தனை நிமிடத்தில் அழைத்தீர்கள் என்பதை வைத்துப் பிரிக்காதீர்கள், வந்தபோது வரிசை எப்படி இருந்தது என்பதை வைத்துப் பிரியுங்கள். இது மிக முக்கியம், இல்லையென்றால் ஏஜென்ட் தேர்வு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

விளம்பரம் ஓடும் நாளில் கூட்டம் வரும், அந்த லீடுகளே வேறு தரம் என்ற ஆபத்தும் உண்டு. அந்த நாட்களைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

மதுமிதா

செய்துவிட்டேன். விளம்பரம் ஓடிய நாட்களை நீக்கிவிட்டேன்.

வரிசையில் 2 அல்லது அதற்குக் குறைவாக இருந்தபோது வந்தவர்கள் 300 பேர். மீடியன் இடைவெளி 6 நிமிடம். 204 பேரோடு பேச முடிந்தது, அதாவது 68%. வாங்கியவர்கள் 41, 13.7%.

வரிசையில் 8 அல்லது அதற்கு மேல் இருந்தபோது வந்தவர்கள் 280 பேர். மீடியன் இடைவெளி 55 நிமிடம். 157 பேரோடு பேச முடிந்தது, 56%. வாங்கியவர்கள் 31, 11.1%.

எழிலன்

இது நேர்மையான எண். பேச முடிந்தவர்களில் 12 புள்ளி வித்தியாசம். இந்த அளவு லீடுகளுக்குத் தற்செயலாக வரக்கூடியது கூட்டியோ குறைத்தோ சுமார் 8 புள்ளி, அதனால் 12-ஐ நம்பலாம். விற்பனையில் வித்தியாசம் 2.6 புள்ளிதான், தற்செயல் அங்கே 5 புள்ளிக்கு மேல். அதாவது விற்பனையில் வேகத்தின் பயனை இந்த ஒரு காலாண்டை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. பேசியவர்களில் ஐந்தில் ஒருவர் வாங்குகிறார் என்பது இரண்டு குழுவிலும் அப்படியே இருப்பதால், 12 புள்ளி கூடுதலாகப் பேசினால் 2.4 புள்ளி விற்பனை கூடும் என்று கணக்குப் போடலாம். நூறு லீடுக்கு இரண்டு மூன்று விற்பனை. மேலாளரிடம் இதைச் சொல்லுங்கள், 4 மடங்கு அல்ல.

பாலமுருகன்

ஒன்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. கூட்டமாக இருக்கும் நேரத்தில் ஏஜென்ட் அவசரமாகப் பேசுவார், எடுக்காத லீடை இரண்டாவது முறை அழைக்கவும் மாட்டார். சலீம் சொன்னதும் அதுதானே. அப்படியென்றால் அந்த 12 புள்ளியில் தாமதத்தின் பங்கு எவ்வளவு, திரும்ப அழைக்காததன் பங்கு எவ்வளவு?

எழிலன்

சரியான கேள்வி பாலமுருகன். என்னிடம் முழு பதில் இல்லை. மதுமிதா, முதல் காலிலேயே எடுத்தவர்களையும் பிறகு எடுத்தவர்களையும் பிரிக்க முடியுமா? முதலில் போட்ட நேரக் கட்டங்களின் மேல் வரியும் கீழ் வரியும் போதும்.

மதுமிதா

விலை கேட்டவர்கள் மட்டும். 5 நிமிடத்துக்குள் அழைத்த 320 பேரில் 170 பேர் முதல் காலிலேயே எடுத்தார்கள். மீதி 150 பேரில் 54 பேரைப் பிறகு பிடித்தோம். 4 மணி நேரத்துக்கு மேல் கழித்து அழைத்த 80 பேரில் முதல் காலில் எடுத்தவர்கள் 20. மீதி 60 பேரில் பிறகு பிடித்தது 12 பேரைத்தான்.

முதல் காலில் 53-க்கு 25. அதன் பிறகும் 36-க்கு 20. எத்தனை முறை திரும்ப அழைத்தோம் என்றும் பார்த்தேன். சீக்கிரம் அழைத்து எடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் 4, 5 முயற்சி. தாமதமாக அழைத்து எடுக்காதவர்களுக்கு 2, அதோடு விட்டுவிடுகிறார்கள்.

சலீம்

அது எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஒரு நாள் பழைய லீட் என்றால் ஏஜென்ட் மனதிலேயே அதை மூடிவிடுவார். அந்தப் பழைய லீடுகளுக்கும் 5 முயற்சி என்று வைத்துப் பாருங்கள், ஒரு புது ஆள்கூட எடுக்காமல் கொஞ்சம் மீட்கலாம் என்று என் அனுபவம் சொல்கிறது. எல்லா லீடையும் 5 நிமிடத்தில் அழைக்க வேண்டுமானால் கூட்ட நேரத்துக்கு ஏற்ற ஆட்களை நாள் முழுவதும் உட்காரவைக்க வேண்டும்.

எழிலன்

முதல் காலில் 53-க்கு 25 என்பது முயற்சிகளின் எண்ணிக்கையால் வருவதில்லை, அதனால் தாமதத்துக்கு ஒரு பங்கு நிச்சயம் இருக்கிறது. ஆனால் இந்த 80 பேரில் இரவில் வந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் காலையில் அழைக்கிறீர்கள். மறுபடி அதே சிக்கல். பழைய டேட்டாவைத் தோண்டி இதற்கு மேல் பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மேலாளர் ஒப்புக்கொண்டால் ஒன்று செய்யலாம். முதல் காலில் எடுக்காத விலை கேட்ட லீடுகளில், `lead_id` இரட்டைப்படையாக முடிபவற்றுக்கு 5 முயற்சி கட்டாயம். ஒற்றைப்படைக்கு இப்போது நடப்பது போலவே. டயலரே நினைவூட்டட்டும், எது எந்தக் குழு என்று ஏஜென்ட்டுக்குத் தெரிய வேண்டாம். அடையாள எண் வரிசையாக ஏறுவதாக இருந்தால் இது நல்ல குலுக்கல்தான். முயற்சிகளின் பங்கு இதில் தனியாகத் தெரிந்துவிடும். வேகத்தைச் சோதிக்க வேண்டுமென்றே யாரையும் காக்கவைக்க வேண்டியதில்லை.

மதுமிதா

மேலாளரிடம் பேசிவிட்டேன். ஊக்கத்தொகை விதியை ஒரு காலாண்டு தள்ளிவைக்கச் சம்மதித்தார், அதற்கு சலீம் சார் சொன்ன ஒரு ரிங் கதைதான் காரணம். பட்டியலில் விலை கேட்டவர்களை வந்த வரிசைப்படி டயலரே கொடுக்கும்படி மாற்றுகிறோம், ஏஜென்ட் பொறுக்க முடியாது. இரட்டைப்படைச் சோதனை திங்கட்கிழமை தொடங்குகிறது. எங்கள் விற்பனைகளில் பெரும்பாலானவை 30 நாளுக்குள் முடிகின்றன. அதனால் கடைசி லீட் வந்து 30 நாள் ஆனபின்தான் எண்ணுவேன்.

இரட்டைப்படை லீட் ஒன்றின் ஆள் மறுபடி படிவம் நிரப்பி ஒற்றைப்படை எண்ணோடு வந்தால் எந்தக் குழுவில் வைப்பது?

நிர்மலா

முதலில் வந்த எண்ணிலேயே. `phone_key` ஒன்றாக இருந்தால் இரண்டாவது லீடைப் புதிதாக எண்ணாதீர்கள். ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வெவ்வேறு எண்ணில் கேட்டால் என்ன செய்வது என்பதை நாங்களே இன்னும் முடிவு செய்யவில்லை.